பழைய டொமைன் பெயரை வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்த டொமைனை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுவதைவிட ஒரே இடத்தில் போட்டுவைக்கலாம் என்று தொகுத்தது இது. கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. கட்டளைகளில் `example.com` என்று வரும் இடத்தில் நீங்கள் வாங்க நினைக்கும் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் பெயரை மட்டும்தானே வாங்குகிறேன்? பழைய ஓனர் பண்ணிய வேலை என் தலையில் ஏன் விழ வேண்டும்?

பழி உங்களுடையது இல்லை, ஆனால் பலன் உங்களுக்குத்தான் வரும். கூகுளானாலும் மெயில் சர்வரானாலும் அலுவலக ஃபயர்வாலானாலும், அவை குறித்துவைப்பது ஆளை அல்ல, டொமைனை. பெயர் கைமாறிய செய்தி அவற்றுக்குத் தானாகப் போய்ச் சேருவதில்லை.

இன்னொன்று: இந்தக் குறிப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் இல்லை. தேடுபொறி தனக்கென்று ஒன்று வைத்திருக்கிறது, மெயில் உலகம் தனக்கென்று ஒன்று, உலாவிகளும் அலுவலக வடிகட்டிகளும் வேறொன்று. கூகுளில் நல்ல பெயராக இருப்பது மெயிலில் கெட்ட பெயராக இருக்கலாம். ஒரு தளத்தில் போட்டுப் பார்த்துப் பச்சை டிக் வந்ததும் பணம் கட்டிவிடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

விற்பவர் "இது ஃப்ரெஷ் டொமைன், 2021-இல் நான்தான் முதலில் ரிஜிஸ்டர் செய்தேன்" என்கிறார். பதிவுத் தேதியும் அப்படித்தான் காட்டுகிறது. நம்பலாமா?

பதிவுத் தேதி அந்தப் பெயரின் இப்போதைய பிறவியை மட்டும்தான் சொல்லும். ஒரு `.com` பெயர் காலாவதியானால், பதிவு நிறுவனம் அதை அதிகபட்சம் 45 நாள் வரை கையில் வைத்திருக்கலாம். அதன்பின் நீக்கினால், பழைய உரிமையாளர் கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள் உண்டு. அப்புறம் 5 நாள் யாரும் தொட முடியாத நிலை. அதுவும் முடிந்தால் பெயர் அவிழ்ந்துவிடும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுத்தவருக்கு அன்றைய தேதியே பதிவுத் தேதியாக விழும். அதற்கு முன் பத்து வருடம் வேறொருவர் வைத்திருந்தது அங்கே தெரியாது.

எதிர்த்திசையிலும் ஏமாறலாம். நீக்கும் முன்பே ஏலத்தில் கைமாறினால் பழைய தேதி அப்படியே தொடரும். 2008 என்று காட்டுவதை வைத்து "ஒரே ஆள் இத்தனை வருடம் ஒழுங்காக வைத்திருந்தார்" என்று முடிவு செய்ய முடியாது. ஆகவே `lookup.icann.org`-இல் தேதியைப் பாருங்கள், குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை, தளங்களின் பழைய பிரதிகளைச் சேர்த்துவைக்கும் இணைய ஆவணமான வேபேக் மெஷினின் முதல் பதிவோடு ஒப்பிடுங்கள். பதிவுத் தேதிக்கு முன்பே தளப் பிரதிகள் இருந்தால் பெயர் ஒருமுறை செத்துப் பிழைத்திருக்கிறது. அது தானாகவே கெட்டது இல்லை. இரண்டாம் பிறவியில் என்ன நடந்தது என்பதுதான் விஷயம்.

வேபேக் மெஷினில் நூற்றுக்கணக்கான தேதிகள் வருகின்றன. எல்லாவற்றையும் திறந்து பார்க்க வேண்டுமா?

வேண்டாம். வருடத்துக்கு ஒன்று திறந்து, தளத்தின் முகம் எங்கே மாறுகிறது என்று பாருங்கள். மாறும் இடத்தைக் கண்டதும் அதன் இரு பக்கமும் நெருக்கமாகப் பாருங்கள். ஒரு கற்பனை உதாரணத்தை முழுக்க நடத்திப் பார்ப்போம்; பின்னால் வரும் பதில்களிலும் இதுவே வரும்.

ஒரு புகைப்படக் குழுவின் பெயர் விற்பனைக்கு வருகிறது. 2009 முதல் 2016 வரை குழுவின் தளம்: கூட்ட அறிவிப்புகள், உறுப்பினர் படங்கள். 2017-இல் விளம்பரம் மட்டும் உள்ள வெற்றுப் பக்கம். 2018 நடுவில் குழுவின் தளம் திரும்பி வருகிறது. அதே தலைப்பு, அதே படங்கள். 2020-இல் வேறெங்கோ திருப்பிவிடப்படுகிறது. 2022-இல் "விற்பனைக்கு". முகப்பை மட்டும் பார்த்தவர், நடுவில் ஒரு வருடம் படுத்திருந்தாலும் நல்ல தளம்தான் என்று நினைப்பார். பதிவுத் தேதியோ 2018 என்கிறது. அப்படியானால் திரும்பி வந்தது குழு இல்லை. பெயர் அவிழ்ந்ததும் எடுத்த ஒருவர், பழைய பக்கங்களை ஆவணத்திலிருந்தே உருவி மறுபடி ஏற்றியிருக்கிறார். 2018 பிரதியை நிதானமாகப் பார்த்தால் தடயம் கிடைக்கும்: குழுவின் கடைசிச் செய்தி இன்னும் 2016-இலேயே நிற்கிறது, தொடர்புப் பக்கம் காணோம், கீழே மட்டும் சூதாட்டம், உடனடிக் கடன் என்று புதிய கட்டுரைகள். பிற தளங்களுக்கு லிங்க் விற்பதற்காக நடத்தப்பட்ட பொம்மைத் தளம் இது.

முகப்பு அழகாக இருக்கும். உள்ளே இருக்கும் பக்கங்களின் பட்டியல் அழகாக இருக்காது. அந்தப் பட்டியலை இப்படி எடுக்கலாம்:

```
curl "https://web.archive.org/cdx/search/cdx?url=example.com&matchType=domain&collapse=urlkey&fl=timestamp,original,statuscode&from=2018&to=2020&limit=500"
```

ஒவ்வொரு வரியிலும் தேதி, முகவரி, நிலை எண் வரும். குழுவின் தளத்துக்குச் சம்பந்தமில்லாத முகவரிகள் கொத்துக்கொத்தாக வந்தால் கதை தெரிந்துவிடும். 301, 302 என்ற எண்கள் பெயரை வேறெங்கோ திருப்பிவிட்ட காலத்தைக் காட்டும். உலாவியிலேயே பார்க்க விரும்பினால் `https://web.archive.org/web/*/example.com/*` போதும்.

என் பெயருக்கு வேபேக்கில் ஒன்றுமே இல்லை. அப்போ சுத்தம்தானே?

ஒன்றும் இல்லை என்பதற்குச் சுத்தம் என்று அர்த்தமில்லை. அந்த ஆவணம் எல்லாத் தளங்களையும் எடுப்பதில்லை, உரிமையாளர் கேட்டுக்கொண்டால் விலக்கவும் செய்கிறது. ஸ்பாம் மெயில் அனுப்ப மட்டும் வாங்கிய பெயருக்குத் தளமே இருந்திருக்காது.

இந்த இடத்தில் `crt.sh` கைகொடுக்கும். தளங்களுக்கு வழங்கப்படும் பாதுகாப்புச் சான்றிதழ்கள் பொதுப் பதிவேடுகளில் ஏற்றப்படுகின்றன; 2018-இலிருந்து குரோம் இதைக் கட்டாயமாக்கிவிட்டது. அங்கே `%.example.com` என்று தேடினால் எந்தத் தேதியில் எந்தத் துணைப்பெயருக்குச் சான்றிதழ் வாங்கினார்கள் என்று வரும். `www`, `mail` என்று இரண்டு மூன்று இருந்தால் சாதாரணம். ஒரே வாரத்தில் `secure-login`, `account-verify` என்று வரிசையாக வந்திருந்தால், வங்கி மாதிரி வேஷம் போட்ட பக்கங்கள் ஓடியிருக்க வாய்ப்பு அதிகம். இந்தப் பதிவேட்டில் வரிகளைச் சேர்க்கலாம், அழிக்க முடியாது. விற்பவர் துடைத்துவிட்டுக் காட்ட முடியாத சில இடங்களில் இது ஒன்று. ஆனால் `*.example.com` என்று எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே சான்றிதழ் எடுத்திருந்தால் துணைப்பெயர்கள் தெரியாது.

ஸ்பாம் பட்டியலில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

சர்வரின் ஐபி முகவரிக்கான பட்டியல்கள் வேறு, டொமைனுக்கான பட்டியல்கள் வேறு. நீங்கள் வாங்குவது டொமைன், ஆகவே டொமைன் பட்டியலைப் பாருங்கள். பரவலாகப் பயன்படுவது ஸ்பாம்ஹாஸ் என்ற அமைப்பின் டிபிஎல் பட்டியல். `check.spamhaus.org`-இல் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். கட்டளையாக வேண்டுமென்றால்:

```
dig +short dbltest.com.dbl.spamhaus.org
dig +short example.com.dbl.spamhaus.org
```

முதல் வரி சோதனைக்கு. அதற்கு `127.0.1.2` என்று பதில் வந்தால்தான் இரண்டாம் வரியின் பதிலை நம்பலாம். இரண்டாவதில் ஒன்றும் வராவிட்டால் பட்டியலில் இல்லை. `127.0.1.2` ஸ்பாம், `127.0.1.4` ஃபிஷிங், `127.0.1.5` மால்வேர். பலர் தடுக்கி விழுவது `127.255.255.254` என்ற பதிலில். கூகுளின் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் இது வரும். "உங்களுக்குப் பதில் சொல்ல மாட்டேன்" என்பதுதான் அதன் பொருள். பெயர் பட்டியலில் இருக்கிறது என்பதல்ல.

இந்தப் பட்டியல் இன்றைய நிலையைத்தான் சொல்லும். கெட்ட வேலை நின்று கொஞ்ச காலம் ஆனால் பெயர் அதிலிருந்து விழுந்துவிடும். ஆகவே இரண்டு வருடமாகப் படுத்துக்கிடக்கும் பெயர் இங்கே சுத்தமாக வருவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கடந்த காலத்துக்கு, கோப்புகளையும் முகவரிகளையும் சோதிக்கும் தளமான வைரஸ்டோட்டலில் அந்தப் பெயரைத் தேடுங்கள். அந்த டொமைனோடு தொடர்புடைய பழைய கோப்புகள், முகவரிகள் சில அங்கே தங்கியிருக்கும்.

கூகுள் பெனால்டி இருக்கிறதா என்று வாங்கும் முன் தெரிந்துகொள்ள முடியுமா?

வெளியிலிருந்து உறுதியாகத் தெரியாது. கூகுளின் ஆட்கள் பார்த்துப் போடும் தண்டனை, தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் உரிமையை நிரூபித்தவருக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே விற்பவரிடமே கேளுங்கள். டிஎன்எஸ் அவர் கையில் இருப்பதால் சரிபார்க்கச் சில நிமிட வேலைதான். ஸ்க்ரீன்ஷாட்டை வாங்கிக்கொள்ளாதீர்கள். உங்களை ஒரு பயனராகச் சேர்க்கச் சொல்லுங்கள், அல்லது திரையைப் பகிர்ந்து காட்டச் சொல்லுங்கள். கைமுறை நடவடிக்கை, பாதுகாப்புச் சிக்கல், நீக்கல்கள் ஆகிய மூன்று பக்கங்களையும் பாருங்கள். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்; பழைய ஓனர் தளம் முழுவதையும் தேடலிலிருந்து மறைக்கச் சொல்லியிருந்தால் அது சுமார் ஆறு மாதம் நிற்கும். பெரிய விலை சொல்லிவிட்டு இதைக் காட்ட மறுத்தால், அந்த மறுப்பையே பதிலாக எடுத்துக்கொள்வேன்.

`site:example.com` என்று தேடுவதற்கும் ஓரளவு பயன் உண்டு. பல மாதமாக நிஜமான பக்கங்களோடு ஓடும் தளத்துக்கு ஒரு முடிவுகூட வராவிட்டால் ஏதோ சரியில்லை. வெற்றுப் பக்கமாகக் கிடக்கும் பெயருக்கு ஒன்றும் வராதது இயல்பு. ஜப்பானிய எழுத்தில் பொருள் விற்கும் தலைப்புகள் வந்தால் தளம் ஹேக் ஆகியிருந்தது என்று கொள்ளலாம். அல்காரிதம் தானாகக் குறைத்து மதிப்பிட்டிருந்தால் அது எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்காது. அதற்கு வேபேக் கதைதான் ஒரே துப்பு.

டிஏ 45, பேக்லிங்க் ஆயிரக்கணக்கில் என்று காட்டுகிறார். நல்ல பெயர்தானே?

டிஏ, அதாவது டொமைன் அதாரிட்டி, கூகுள் கொடுக்கும் மதிப்பெண் இல்லை. மோஸ் என்ற தனியார் நிறுவனம் பேக்லிங்குகளை, அதாவது பிற தளங்களிலிருந்து வரும் லிங்குகளை, வைத்துக் கணிப்பது. லிங்க் எங்கிருந்து வந்தாலும் எண் ஏறும், அதனால் விற்பதற்காகவே ஏற்றவும் முடியும்.

எண்ணை விட்டுவிட்டு, லிங்க் எந்தச் சொற்களின் மேல் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பேக்லிங்க் கருவிகள் எல்லாம் இந்தப் பட்டியலைக் காட்டும். புகைப்படக் குழுவுக்கு இயல்பாக வந்த லிங்க் என்றால் குழுவின் பெயர், "இங்கே பார்க்க", வெறும் முகவரி என்று கலவையாக இருக்கும். சூதாட்டச் சொற்களோ மருந்துப் பெயர்களோ முதல் பத்து இடங்களில் இருந்தால் அந்த 45 அங்கிருந்து வந்ததுதான். லிங்குகள் வந்த காலத்தையும் பாருங்கள். நம் உதாரணத்தில் 2009–16 இல் வந்தவை ஒரு ரகம், 2018-க்குப் பின் வந்தவை வேறு ரகம்.

பழைய டொமைனின் பவரை வைத்து என் புது தளத்தை மேலே கொண்டுவரலாம் என்று எல்லோரும் சொல்கிறார்களே?

சொல்பவர்களில் பாதிப் பேர் டொமைன் விற்பவர்கள். 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பாம் விதிகளில் காலாவதி டொமைன் துஷ்பிரயோகத்தைத் தனி வகையாகச் சேர்த்தது. தேடலில் ஏறுவதற்காகவே பழைய பெயரை வாங்கி, பயனில்லாத பக்கங்களைப் போடுவதுதான் குற்றம். ஒரு காலத்தில் தொடக்கப் பள்ளியின் தளமாக இருந்த பெயரில் சூதாட்டப் பக்கம் என்பது அவர்களே தரும் உதாரணம்.

பழைய பெயரில் புதிய, நேர்மையான தளம் நடத்துவதை அந்த விதி தடுக்கவில்லை. பெயர் பிடித்திருந்தால் வாங்குங்கள். பழைய லிங்குகளுக்கென்று தனியாக ஒரு பைசாகூட விலை வைக்காதீர்கள்.

சின்னச் சின்ன அழுக்கு எல்லாப் பெயரிலும் இருக்கும். எதைத் தாங்கலாம், எதைக் கண்டால் ஓட வேண்டும்?

வருடக்கணக்கில் விளம்பரப் பக்கமாகக் கிடந்தது ஒரு குறையே இல்லை. ஒருமுறை ஹேக் ஆகிச் சரிசெய்யப்பட்டது தாங்கக்கூடியது. லிங்க் விற்ற பொம்மைத் தளம் என்றால், அந்தப் பெயர்தான் வேண்டும் என்பதற்கு உங்களிடம் வலுவான காரணம் இருந்தால் மட்டும், அதுவும் விலையை நன்றாகக் குறைத்து. ஆபாசத் தளமாக இருந்திருந்தால் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் உங்கள் தளம் திறக்காமல் போகும். மாற்ற முடியும், ஆனால் ஒவ்வொரு வடிகட்டி நிறுவனத்திடமும் தனித்தனியாகப் போக வேண்டும்.

ஃபிஷிங் நடந்த பெயரையும், மொத்தமாக ஸ்பாம் அனுப்பிய பெயரையும் நான் தொட மாட்டேன். உங்கள் தொழில் மெயிலை நம்பி இருந்தால் பின்னதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். யாரோ ஒருவரின் வணிகச் சின்னத்தைப் போல இருக்கும் பெயர்களும் இதே வரிசை. டொமைன் தகராறுகளைத் தீர்க்க 1999 முதல் இருக்கும் யுடிஆர்பி நடைமுறையில் அவர் புகார் செய்து வென்றால் பெயர் போய்விடும், கொடுத்த பணமும் அதோடு சரி.

இதெல்லாம் தெரியாமல் ஏற்கெனவே வாங்கிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

முதலில் சர்ச் கன்சோலில் உரிமையை நிரூபியுங்கள். கைமுறை நடவடிக்கை இருந்தால், பழைய பக்கங்கள் எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு மறுபரிசீலனை விண்ணப்பம் போடுங்கள். புதிதாக வாங்கியதைச் சொல்லவும் கூகுள் அந்தப் படிவத்தையே பயன்படுத்தச் சொல்கிறது. வாங்கிய தேதி, அதற்கான ரசீது, இப்போது தளத்தில் இருப்பது என்ன என்று சுருக்கமாக எழுதினால் போதும். புதிய தளத்தை ஏற்றாமல் வெற்றுப் பக்கத்தோடு விண்ணப்பிக்காதீர்கள். பார்ப்பவருக்கு எதை வைத்து முடிவு செய்வது என்று தெரியாது.

டிபிஎல்லில் இருந்தால் `check.spamhaus.org`-இலேயே நீக்கக் கோரலாம், கட்டணம் இல்லை. அலுவலக வடிகட்டிகளுக்கு ஃபோர்டிகார்ட், பாலோ ஆல்டோ, சிஸ்கோ டாலோஸ் போன்றவற்றின் தேடல் பக்கங்களில் உங்கள் பெயருக்கு என்ன வகை போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து மாற்றக் கோருங்கள். பழைய சூதாட்ட முகவரிகளைப் புது முகப்புக்குத் திருப்பிவிடும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள்; அவை பக்கம் இல்லை என்று சொல்லும் 404 அல்லது 410 எண்ணோடு சாகட்டும்.

பழைய ஓனரால் இன்னும் ஏதாவது செய்ய முடியுமா?

கொஞ்சம் முடியும். பெயர் கைமாறுவதற்கு முன் அவர் வாங்கிய சான்றிதழ் காலாவதியாகும் வரை செல்லுபடியாகும். `crt.sh`-இல் இன்னும் முடியாதது ஏதாவது இருந்தால், வழங்கிய நிறுவனத்திடம் ரத்துசெய்யச் சொல்லலாம். சர்ச் கன்சோலில் பயனர்கள் பட்டியலில் அவர் இருந்தால் அவரை நீக்குவதோடு, அவர் டிஎன்எஸ்ஸில் விட்டுச்சென்ற சரிபார்ப்பு வரியையும் அழியுங்கள். வரி இருந்தால் மறுபடி உள்ளே வந்துவிடுவார்.

தளம் `http`-இல் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் `hstspreload.org`-இல் பாருங்கள். பழைய ஓனர் அந்தப் பட்டியலில் சேர்த்திருந்தால் உலாவிகள் `https`-ஐ மட்டுமே ஏற்கும். `https` போட்டுவிட்டுப் போங்கள், நீக்குவதற்கு மெனக்கெட வேண்டாம்.

எல்லாப் பட்டியலிலும் சுத்தம், அனுப்புநர் போலி இல்லை என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் எல்லாம் சரி. ஆனாலும் மெயில் ஸ்பாமுக்கே போகிறது. ஏன்?

பெரிய மெயில் சேவைகள் பொதுப் பட்டியல்களோடு தங்களுக்கென்று தனிக் கணக்கும் வைத்திருக்கின்றன, அதை வெளியே காட்டுவதில்லை. மேலும் வெகுநாள் பேசாமல் இருந்த பெயர் திடீரென்று நூற்றுக்கணக்கில் மெயில் அனுப்பினால், பழைய வரலாறு நல்லதாக இருந்தாலும் சந்தேகம்தான் வரும். ஒரு சில டஜன் மெயிலில் ஆரம்பித்து, பதில் எழுதக்கூடியவர்களுக்கு முதலில் அனுப்பி, வாரக்கணக்கில் மெதுவாக ஏற்றுங்கள்.

குற்றவாளி டொமைன்தானா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. உங்கள் தனிப்பட்ட ஜிமெயிலிலிருந்து, வேறு சேவையில் உள்ள நண்பர்கள் சிலருக்கு ஒரே மாதிரி இரண்டு மெயில் அனுப்புங்கள். ஒன்றில் உங்கள் தளத்தின் லிங்க் இருக்கட்டும், மற்றதில் வேண்டாம். வடிகட்டிகள் அனுப்புநரை மட்டும் பார்ப்பதில்லை, மெயிலுக்குள் இருக்கும் முகவரிகளையும் பார்க்கின்றன. லிங்க் உள்ளது மட்டும் ஸ்பாமுக்குப் போனால் கறை பெயரில்தான் இருக்கிறது. அப்போது வேறு டொமைனிலிருந்து அனுப்பியும் பயனில்லை, ஏனென்றால் உள்ளே இருக்கும் லிங்க் அதே பெயர். இரண்டும் ஒழுங்காக இன்பாக்ஸுக்குப் போனால் டொமைனை விட்டுவிட்டு, உங்கள் மெயில் சர்வரின் ஐபியையும் அனுப்பும் வேகத்தையும் பாருங்கள்.